ஃபிட்டர் டிரேடு: அரம், பிளேடு, டேப் எல்லாம் டிசம்பருக்குள் தீர்ந்துவிடுகிறது. ஆண்டுக் கணக்கை எப்படிப் போடுவது?

ஸ்டோர்மேசை எழுதியது:

வணக்கம். அரசு ஐடிஐ ஒன்றில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். ஃபிட்டர் முதலாண்டில் ஒரு யூனிட், 20 பேர். ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. ஹாக்சா பிளேடு, அரம், ட்ரில் பிட், மரை வெட்டும் டேப் எல்லாம் டிசம்பருக்குள் முடிந்துவிடுகின்றன. ஜனவரியில் மாணவர்கள் மழுங்கின அரத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்ஜெட் கேட்கும்போது சென்ற ஆண்டு வாங்கியதோடு பத்து சதவீதம் கூட்டித்தான் எழுதி அனுப்புகிறோம். அந்தப் பழைய எண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பயிற்சிக்குப் பயிற்சி எவ்வளவு செலவாகும் என்று அடியிலிருந்து கணக்குப் போட்டவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். மெஷின் செலவு வேண்டாம், கைக்கருவியும் நுகர்பொருளும் மட்டும்.

---

எந்திரக்கனவு எழுதியது:

சார், டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 தரத்துக்கு மாற்றினார்களே, உங்கள் நிலையம் அந்தப் பட்டியலில் இருந்தால் பழைய லேத்தைக் கழித்துவிட்டு சி.என்.சி. கேட்கலாமே. கருவி மாற்றத்துக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வராது.

---

ஸ்டோர்மேசை எழுதியது:

நன்றி சார். கேள்வி அது இல்லை. சி.என்.சி. வந்தாலும் முதலாண்டுப் பையன் வைஸ் முன்னால் நின்று அரம் பிடித்துத்தான் ஆக வேண்டும். அந்த அரத்துக்குத்தான் வழி கேட்கிறேன்.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

நல்ல கேள்வி. ஆண்டுக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று போடுவதுதான் முதல் கோளாறு. பொருள் தீர்கிற விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. இரும்பு பிளாட் பயிற்சி எண்ணிக்கையைப் பொறுத்துத் தீரும். அரம் தேயும். டேப் தேய்வதற்கு முன்பே ஒடியும். பிளேடு முதல் இரண்டு மாதத்தில் ஒடியும், பிறகு தேயும். எல்லாவற்றையும் ஒரே சதவீதத்தில் கூட்டினால் ஒன்று மிஞ்சும், ஒன்று தீரும்.

ஹாக்சா பிளேடை முதலில் எடுக்கிறேன். அதில்தான் கற்றுக்கொள்கிற வேகம் நேரடியாகத் தெரியும். நான் திட்டமிடும் அளவு இது: முதல் மாதம் ஆளுக்கு 3, இரண்டாம் மாதம் ஆளுக்கு 2, அடுத்த நான்கு மாதம் ஆளுக்கு மாதம் ஒன்று, கடைசி நான்கு மாதம் இருவருக்கு ஒன்று. 20 பேருக்கு 60 + 40 + 80 + 40, மொத்தம் 220. கைத்தவறுதலுக்கு இருபது சேர்த்து 240 வாங்குங்கள். இதில் கவனிக்க வேண்டியது, 220-இல் நூறு முதல் இரண்டு மாதத்திலேயே போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கால் பங்கு என்று சமமாகப் பிரித்து வாங்கினால் செப்டம்பரில் கை வறண்டுவிடும்.

அடுத்தது, எந்தப் பல் அளவு என்பது. வெட்டுகிற இடத்தில் எப்போதும் மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும். இன்ச்சுக்கு 18 பல் என்றால் பல்லுக்குப் பல் 1.4 மி.மீ. அதனால் நாலரை மி.மீ.க்குக் குறைவான தடிமனை அதில் வெட்டக் கூடாது. மெல்லிய பைப்போ ஆங்கிளோ வெட்டக் கொடுத்தால் ஒரே நாளில் பத்துப் பிளேடு பல் உதிர்ந்து வரும். பிளேடு மட்டம் என்று சப்ளையரைத் திட்டுவார்கள், உண்மையில் வாங்கினது தப்பு. மாறாக 24 பல் பிளேடை மட்டும் வாங்கி 10 மி.மீ. பிளாட்டை வெட்டச் சொன்னால் பல்லிடுக்கில் துகள் அடைத்து வெட்டாது, பையன் இன்னும் அழுத்துவான், பிளேடு வளையும். அதனால் 240-இல் 160 பதினெட்டுப் பல், 80 இருபத்துநான்கு பல் என்று பிரித்து எழுதுங்கள். கொட்டேஷனில் வெறும் "ஹாக்சா பிளேடு 12 இன்ச்" என்று எழுதினால் கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுப்பார்.

---

சுத்தியல் எழுதியது:

அண்ணே, இவ்வளவு கணக்கு எதுக்கு? மட்டமான பிளேடு வாங்கறதாலதான் 240 ஆகுது. முழுசா எச்.எஸ்.எஸ். பிளேடு வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா மூணு மடங்கு உழைக்கும். கம்பெனியில நாங்க அப்படித்தான் வாங்குவோம். எண்பது பிளேடுல வருஷம் ஓடிடும்.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

சுத்தியல் சொல்வதில் பாதி சரி. தேய்மானத்தில் எச்.எஸ்.எஸ். நிச்சயம் நிற்கும். ஆனால் முழுதும் கடினப்படுத்திய பிளேடு முறுக்கினால் கண்ணாடி மாதிரி உடையும். புதிதாகப் பிடிக்கிறவனின் கை முன்னால் போகும்போது கொஞ்சம் சாயாமல் இருக்காது. கம்பெனியில் கை பழகின ஆள் வெட்டுகிறார், அங்கே பிளேடு தேய்ந்து சாகிறது. இங்கே தேய்வதற்கு முன்பே ஒடிந்து சாகிறது. மூன்று மடங்கு விலை கொடுத்து அதே எண்ணிக்கையில் ஒடிப்பதுதான் மிஞ்சும்.

முதல் இரண்டு மாதத்துக்கு வளையக்கூடிய சாதாரணப் பிளேடு போதும். அதற்குப் பிறகு பைமெட்டல் வாங்கலாம். முதுகு வளையும், பல் மட்டும் எச்.எஸ்.எஸ்., நீங்கள் சொல்கிற ஆயுள் அதில் கிடைக்கும். அதிலும் பல் உதிர்வது நிற்காது என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய பைப்பில் 18 பல் போட்டால் பைமெட்டலும் உதிரும்.

ஒடிவதற்கு இன்னொரு காரணம் பட்டறையில் பலர் கவனிப்பதில்லை. பாதி வெட்டில் பிளேடு ஒடிந்தால் பையன் புதுப் பிளேடை அதே பழைய வெட்டில் இறக்குவான். பழைய பிளேடின் பல் விரிவு தேய்ந்திருப்பதால் அந்த வெட்டு குறுகலாக இருக்கும். புதுப் பிளேடு அதில் இறுகி, இரண்டாவது இழுப்பில் ஒடியும். எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துப் புதிதாக வெட்டச் சொல்ல வேண்டும். ஒரே மாணவன் ஒரே நாளில் இரண்டு பிளேடு கேட்டு வந்தால் அனேகமாக இதுதான் நடந்திருக்கும்.

---

நிதிப்பக்கம் எழுதியது:

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குறிப்பு. ஆகஸ்ட், செப்டம்பரில் அதிகம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒதுக்கீடு கைக்கு வந்து, கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு, ஆர்டர் போட்டு, சரக்கு வந்து பதிவேட்டில் ஏறும்போது ஆகஸ்ட் கடந்துவிடும். மார்ச் 31-க்குள் செலவழிக்காத பணம் திரும்பிவிடும். இரண்டு ஆண்டும் வேறு வேறாக ஓடுவதுதான் உங்கள் டிசம்பர் பஞ்சத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகஸ்ட், செப்டம்பர் தேவையை அதற்கு முந்தைய மார்ச்சிலேயே வாங்கிவிட வேண்டும். மீதித் தேவையை ஒதுக்கீடு வந்ததும் ஒரே ஆர்டராகப் போடலாம்.

ஆனால் மார்ச்சில் வாங்கி வைப்பதென்றால் "உடனடித் தேவை இல்லாத கொள்முதல்" என்று தணிக்கையில் கேட்பார்கள். மாதவாரியான தேவைப் பட்டியலைப் பயிற்றுநர் கையெழுத்தோடு கோப்பில் வைத்திருந்தால் பதில் சொல்லலாம். பெஞ்ச்வைஸ் எழுதிய 60, 40, 80, 40 மாதிரியான தாள்தான் அதற்கு வேண்டும்.

---

ஸ்டோர்மேசை எழுதியது:

மார்ச்சில் வாங்கினால் ஐந்து மாதம் ஸ்டோரில் கிடக்கும். எங்கள் ஊர் கடலோரம். அரம் துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த அரத்தைக் கொடுத்தால் பயிற்றுநர் திட்டுகிறார்.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

அரத்தைக் கம்பெனி சுற்றி அனுப்பின தாளிலிருந்து பிரிக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் தனித்தனியாக, மூடுகிற தகரப் பெட்டிக்குள் வையுங்கள். பிளாட் இரும்புக்கு எண்ணெய் பூசலாம், அரத்துக்குப் பூசக் கூடாது. எண்ணெய் பட்ட அரம் இரும்பின் மேல் வழுக்கும், தூளும் பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

இனி அரத்துக்கு வருகிறேன், உங்கள் பணம் அதிகம் வீணாகிற இடம் இதுதான். பெரும்பாலான பட்டறைகளில் முதல் நாளே ஆளுக்கு ஒரு புது 300 மி.மீ. பாஸ்டர்ட் அரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் மூன்று வாரம் பையனுக்கு நிற்கவும் தள்ளவும்தான் தெரிய வேண்டும். அந்த நாட்களில் திரும்ப இழுக்கும்போதும் அழுத்துவான். அரத்தின் பல் முன்னால் தள்ளும்போது வெட்டத்தான் செய்யப்பட்டது, பின்னால் அழுத்தி இழுத்தால் பல் முனை உருண்டுவிடும். போதாததற்குக் கொடுக்கிற பிளாட்டின் மேல் உருட்டாலையில் வந்த கருஞ்செதில் இருக்கும். அது இரும்பை விடக் கடினம். புது அரத்தின் கூர்முனை அதில் பட்டால் அன்றைக்கே போய்விடும். வைஸின் தாடைத் தகடும் கடினப்படுத்தியதுதான். அலுமினியக் காப்புத் தகடு போடாமல் தேய்த்தால் அரம் தாடையில் இடித்து இடித்து, நடுப்பகுதிப் பல் மட்டும் மழுங்கும்.

அதனால் அரத்தை மூன்று நிலையில் ஓட்டுங்கள். புது அரம் முதலில் பித்தளை, அலுமினியம், சுத்தமான அகலப் பரப்பு ஆகியவற்றில் ஓட வேண்டும். குறுகின விளிம்பில் புது அரம் போடக் கூடாது, ஓரிரு பல் மேல் மொத்தப் பாரமும் விழுந்து முனை ஒடியும். கூர்மை ஒரு படி அடங்கினதும் அது எம்.எஸ். பொருத்தல் வேலைக்கு வரும். அங்கேயும் வழுக்க ஆரம்பித்தால் செதில் எடுப்பதற்கும், வெல்டிங் தெறிப்பு எடுப்பதற்கும், அடுத்த ஆண்டு வருகிற புது மாணவனின் முதல் மூன்று வாரத்துக்கும் போகும். கைப்பிடிக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் மாணவனுக்கே தெரியும், எது எதற்கு என்று.

இப்படி ஓட்டினால் 20 பேர் யூனிட்டுக்கு ஆண்டுக்குப் புதிதாக வேண்டியது 300 மி.மீ. பாஸ்டர்ட் 20, 250 மி.மீ. செகண்ட் கட் 20, ஸ்மூத் 10. அரைவட்டம், முக்கோணம், சதுரம், வட்டம் ஒவ்வொன்றிலும் 6 போதும். ஸ்மூத் குறைவாக இருப்பதற்குக் காரணம், அது கடைசித் தேய்ப்புக்கு மட்டும்தான். ஆண், பெண் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்துகிற வேலையில் 0.04 மி.மீ. துல்லியம் கேட்கும்போதுதான் அது கையில் இருக்க வேண்டும். அரத் துடைப்பான், சாக்கட்டி இரண்டையும் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். பல்லிடுக்கில் சாக் தேய்த்து வைத்தால் தூள் ஒட்டாது, வேலைப் பரப்பில் கீறலும் விழாது.

---

சுத்தியல் எழுதியது:

பச்சை மஞ்சள் சிவப்பு நல்ல யோசனைதான், ஒத்துக்கறேன். ஆனா முதல் மூணு வாரம் மழுங்கின அரத்தைக் கொடுத்தா பையனுக்கு இரும்பு வெட்டுற உணர்வே வராதே? வெட்டலன்னு இன்னும் அழுத்துவான். அழுத்திப் பழகின கை அப்புறம் திருந்தாது.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

இதில் உங்கள் கருத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மூன்றாம் நிலை என்பது ஓரளவு கடிக்கிற அரம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நடுப்பகுதியில் பல் முனைகள் வெள்ளையாக மின்னுகிறதா, இரும்பில் வைத்துத் தள்ளினால் சத்தமில்லாமல் வழுக்குகிறதா, இரண்டும் இருந்தால் அது கழிக்க வேண்டிய அரம், மாணவனுக்குக் கொடுக்கவே கூடாது. ஆனாலும் முதல் வாரத்துக்குப் பிறகு இரண்டாம் நிலை அரத்துக்கு மாற்றலாமா, மூன்று வாரம் பொறுக்கலாமா என்பதில் பயிற்றுநருக்குப் பயிற்றுநர் வித்தியாசம் உண்டு. நான் மூன்று வாரம் என்பேன்.

---

ஆர்க்நிழல் எழுதியது:

நான் வெல்டர் டிரேடு. எங்களுக்கும் இதே பிரச்சினை. 20 பேர், 3.15 மி.மீ. 6013 ராடுதான் ஓடுகிறது. ஆளுக்கு நாளைக்குப் பத்து ராடு என்று கேட்டால் அதிகம் என்று வெட்டிவிடுகிறார்கள். இதை எப்படி நியாயப்படுத்துவது? மழைக்காலத்தில் நமத்துப்போன ராடு வேறு தனித் தொல்லை. 7018 மாதிரி சூளையில் போட்டுச் சூடாக்கிப் பார்த்தோம், இன்னும் மோசமாகிவிட்டது.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

தலைக்குப் பத்து என்றால் வெட்டத்தான் செய்வார்கள். மணி, அதாவது ராடு உருகி விழுகிற வெல்டிங் கோட்டின் நீளத்தில் சொல்லுங்கள். 450 மி.மீ. ராடில் 50 மி.மீ. துண்டு மிஞ்சும், எரிவது 400. நேர்மணி ஓட்டினால் ஒரு ராடுக்கு 200 முதல் 250 மி.மீ. வரும். 150 மி.மீ. நீளத் தகட்டில் ஆறு மணி போடுவது ஒரு பயிற்சி என்றால் 900 மி.மீ., நான்கு ராடு. பற்றவைக்கத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வீணாவதற்கு ஒன்று. ஒரு பயிற்சிக்கு ஐந்து. இதைப் பயிற்சி எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டினால் யாரும் வெட்ட முடியாது. மிஞ்சின துண்டுகளைத் திரும்ப வாங்கி அளந்து பாருங்கள், 100 மி.மீ. துண்டுகள் வந்தால் ராடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குப்பைக்குப் போகிறது என்று பொருள்.

7018-ஐச் சுடுகிற சூட்டில் 6013-ஐச் சுட்டால் பூச்சில் இருக்க வேண்டிய ஈரமும் போய் ஆர்க் முரண்டு பிடிக்கும். நூறு டிகிரி அளவில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். மேற்கொண்டு தனி இழை தொடங்குங்கள், இங்கே ஃபிட்டர் கணக்கு குழம்பிவிடும்.

---

புதுபயிற்றுநர் எழுதியது:

சார், டேப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் பட்டறையில் எம்8 டேப்தான் அதிகம் ஒடிகிறது. எம்10 அவ்வளவு ஒடிவதில்லை. மாணவர்கள் நேராகப் பிடிப்பதில்லை என்று நினைத்துச் சதுரமட்டம் வைத்துப் பார்க்க வைத்தேன். அரைச் சுற்று முன்னால் கால் சுற்று பின்னால் என்றும் பழக்கினேன். அப்படியும் ஒடிகிறது.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

மேடம், எம்8-க்கு எந்த ட்ரில் போடுகிறார்கள் என்று நேரில் நின்று பாருங்கள். புத்தகத்தில் 6.8 என்றுதான் இருக்கும். ஆனால் அரை மி.மீ. ஏற்றத்தில் வருகிற ட்ரில் செட்டில் 6.8 கிடையாது, 6.5 உண்டு, 7 உண்டு. தனியாக வாங்கின 6.8 ஒன்றோ இரண்டோ தொலைந்ததும் 6.5 போட்டுத் துளைத்துவிடுவார்கள். எம்8 மரையின் ஏற்றம் 1.25. துளை 6.8 ஆனால் மரையின் ஆழம் முழு அளவில் 74 சதவீதம். 6.5 ஆனால் 92 சதவீதம். அவ்வளவு உலோகத்தைக் கையால் வெட்ட டேப் தாங்காது. எம்10-க்கு வேண்டிய 8.5 செட்டிலேயே இருப்பதால்தான் அது ஒடிவதில்லை. எம்6-க்கு வேண்டிய 5-உம் இருக்கிறது. எம்12-க்கு வேண்டிய 10.2 இல்லை. எம்8-உம் எம்12-உம் மட்டும் அதிகம் ஒடிகிற பட்டறையில் கையைக் குறை சொல்வதற்கு முன் ட்ரில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

---

சுத்தியல் எழுதியது:

அப்போ 7 போட்டுத் துளைச்சா சுலபமா மரை ஓடுமே. செட்டுலயே இருக்கு. பட்ஜெட்டும் மிச்சம்.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

ஓடும், டேப்பும் ஒடியாது. மரை ஆழம் 62 சதவீதம்தான் நிற்கும். முதல் இரண்டு மூன்று துளை பழக்கத்துக்கு அது சரி. ஆனால் 6H அளவில் எம்8 பெண் மரையின் உள்விட்டம் 6.912-ஐத் தாண்டக் கூடாது, 7 போட்டால் அது தவறிய வேலை. கைக்குப் பழக 7, மதிப்பெண் வேலைக்கு 6.8 என்று பிரித்துக்கொள்ளலாம். எம்12-க்கு 10.5 போட்டாலும் இதே கதைதான், அதன் உச்ச அளவு 10.441.

ஆகப் பட்டியலில் டேப்பை விட ட்ரில்லைக் கவனமாக எழுத வேண்டும். ஒரு யூனிட்டுக்கு 5.0-இல் 10, 6.8-இல் 10, 8.5-இல் 8, 10.2-இல் 4 தனியாகக் கேளுங்கள். டேப் மூன்று கொண்ட செட்டாக எம்6-இல் 8, எம்8-இல் 6, எம்10-இல் 4, எம்12-இல் 3. சிறியது அதிகம் ஒடியும், அதனால் எண்ணிக்கை கூட. செட்டில் முதல் டேப் மட்டும் ஒடிந்தால் மீதி இரண்டையும் கழிக்காதீர்கள், ஒடிந்த எண்ணை மட்டும் தனியாக வாங்க முடியும்.

சின்ன ட்ரில் ஒடிவதற்கு வேகமும் ஒரு காரணம். எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் வைத்தால் 6.8 ட்ரில்லுக்கு 1,170 சுற்று வேண்டும், 3 மி.மீ. ட்ரில்லுக்கு 2,650. பெல்ட்டை மாற்றச் சோம்பி, பெரிய ட்ரில்லுக்கு வைத்த மெதுவான வேகத்திலேயே 3 மி.மீ. போட்டு அழுத்துவார்கள். ட்ரில் வளைந்து ஒடியும். ட்ரில்லின் தண்டில் வளையம் வளையமாகக் கீறல் இருந்தால் சக் இறுகாமல் வழுக்குகிறது. அங்கே மாற்ற வேண்டியது சக்கும் அதன் சாவியும், ட்ரில் இல்லை.

---

புதுபயிற்றுநர் எழுதியது:

இன்று பார்த்தேன் சார். பெட்டியில் 6.8 ஒன்றுகூட இல்லை. மாணவர்கள் 6.5-தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே பத்து கேட்டு எழுதிவிட்டேன். ஒன்று கேட்க வேண்டும். ஒடித்தவனிடம் காசு வாங்கலாமா? எங்கள் மூத்த பயிற்றுநர் வாங்கச் சொல்கிறார். அப்போதுதான் பொறுப்பு வரும் என்கிறார்.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

வாங்காதீர்கள். காசு கேட்டால் ஒடிந்ததை மறைப்பார்கள். துளைக்குள் ஒடிந்த டேப்போடு வேலைத் துண்டையே ஸ்கிராப்பில் போட்டுவிடுவார்கள், உங்களுக்கு எத்தனை ஒடிந்தது என்றே தெரியாது. ஒடிந்த துண்டைக் கொண்டுவந்தால்தான் புதியது என்று வையுங்கள். அந்தத் துண்டுகளை அளவுவாரியாக ஒரு தட்டில் போட்டு மாதக் கடைசியில் எண்ணினால் அடுத்த ஆண்டுக் கணக்குக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. நான் மேலே கொடுத்த எண்கள் எல்லாம் தொடங்குவதற்கு மட்டும். இரண்டாம் ஆண்டு உங்கள் தட்டில் விழுந்த எண்ணைத்தான் போட வேண்டும்.

---

சுத்தியல் எழுதியது:

இதுல நான் அவங்க சீனியர் பக்கம். ஒடிஞ்சதுக்கு வேணாம் சரி. தொலைச்சதுக்கு வாங்கத்தான் வேணும். 6.8 எல்லாமே ஒடிஞ்சா காணாமப் போச்சு? பாக்கெட்டுல போயிருக்கும்.

---

ஸ்டோர்மேசை எழுதியது:

தொலைவதற்கு எண் பொறித்த பித்தளை வில்லை முறை வைத்திருக்கிறோம். மாணவனுக்கு ஐந்து வில்லை, கருவி எடுக்கும்போது அந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாலையில் வில்லை தொங்கினால் யாரிடம் என்று தெரியும். பெரிய கருவிக்கு வேலை செய்கிறது, ட்ரில் பிட்டுக்கு இதுவரை செய்யவில்லை. இனி 6.8, 10.2 இரண்டையும் துளையிட்ட மரக்கட்டையில் நட்டு, காலி துளை கண்ணில் படுகிற மாதிரி வைக்கிறேன்.

இரும்புக் கணக்கையும் யாராவது ஒரு முறை சரி பார்த்துச் சொல்லுங்கள். 50-க்கு 10 பிளாட், 75 நீளம் வேலைத் துண்டு.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

50 x 10 பிளாட் மீட்டருக்கு 3.925 கிலோ. 6 மீட்டர் பார் ஒன்று 23.55 கிலோ. 75 மி.மீ. துண்டுக்கு அரம் போட 3 மி.மீ. கூட வேண்டும், பவர் ஹாக்சா வெட்டில் 2 மி.மீ. போகும், ஆக 80. ஒரு பாரில் 75 துண்டு. 20 பேருக்கு ஆளுக்கு மூன்று கொடுத்து 15 மிஞ்சும். கெடுத்தவனுக்கு அந்தப் பதினைந்து. கிலோ 65 ரூபாய் என்று வைத்தால் பார் ஒன்று சுமார் 1,530 ரூபாய், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவை இங்கே பாதியாக்கலாம். அரம் போட்டுச் சதுரமாக்கின துண்டை மதிப்பெண் போட்டதும் ஸ்கிராப்புக்கு அனுப்பாமல், அதே துண்டில் கோடு போட்டு ஹாக்சா வெட்டு, பிறகு மீதியில் ட்ரில், கடைசியில் அதே துளையில் டேப் என்று நான்கு பயிற்சி எடுக்கலாம். மதிப்பெண்ணுக்கு ஆதாரம் வேண்டுமே என்று பயப்படுவார்கள். ஒவ்வொரு நிலையிலும் துண்டில் மாணவன் எண்ணைப் பொறித்து, அளவுத் தாளில் கையெழுத்து வாங்கினால் போதும். இறுதித் தேர்வுக்கான இரும்பை மட்டும் இந்தக் கணக்கில் கலக்காமல் தனியாகக் கேளுங்கள்.

சரக்கு வரும்போது ஒரு சோதனை. குறைந்த விலைக்குத்தான் ஆர்டர் போகும் என்பதால் இதை விட வேண்டாம். உங்களிடம் உள்ள நல்ல அரத்தின் மூலையை வைத்துப் புது அரத்தின் பல் மேல் இழுங்கள். வழுக்கினால் சரி, கீறிக்கொண்டு போனால் அரம் மென்மையானது, திருப்பி அனுப்புங்கள். பிறகு ஓரத்தை ஒரு கண்ணால் பார்த்து வளைவு இருக்கிறதா என்று கவனியுங்கள். பெட்டிக்கு இரண்டு எடுத்துப் பார்த்தால் போதும். இந்தச் சோதனையைக் கொட்டேஷன் நிபந்தனையிலேயே எழுதிவிட்டால் பிறகு வாதம் இருக்காது.

---

நிதிப்பக்கம் எழுதியது:

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. மாணவர் கருவிப் பட்டியலில் 250 மி.மீ. அரமும் ஹாக்சா சட்டமும் ஒன்றாக இருப்பதால் பல நிலையங்களில் அரம் நிலையான கருவியாகப் பதிவாகிறது. ஆண்டுக்கு 20 புதிதாக வாங்க வேண்டுமென்றால் பழைய 20-ஐக் கழிவுக் குழு பார்த்து, ஏலம் விட்டு, பதிவேட்டில் நீக்க வேண்டும். அது ஆண்டுக்கு ஒரு முறைதான் கூடும். நுகர்பொருள் பதிவேட்டில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் "பட்டியலில் உள்ள கருவியை நுகர்பொருளாகக் காட்டியது ஏன்" என்று எழுதுவார்கள்.

---

பெஞ்ச்வைஸ் எழுதியது:

தேய்கிற பொருளை நிலையான கருவி என்று எழுதுவதே தவறு. ஹாக்சா சட்டம் நிலைக்கும், அரம் நிலைக்காது. முதல் 20 அரத்தைக் கருவியாகவும், மாற்று அரங்களை உதிரி என்று நுகர்பொருளாகவும் எழுதி முதல்வரின் ஒப்புதலைக் கோப்பில் வைக்கலாம் என்பது என் கருத்து.

---

நிதிப்பக்கம் எழுதியது:

எழுதலாம். ஆனால் பிளேடுக்குத் தணிக்கையர் ஒத்துக்கொள்வார், அரத்துக்கு ஒத்துக்கொள்வார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். யாராவது தங்கள் நிலையத்தில் இப்படி எழுதி, தணிக்கைக் கேள்வி வராமல் போயிருந்தால் ஒப்புதல் கடிதத்தில் என்ன வாசகம் போட்டார்கள் என்று இங்கே பதிந்தால் நல்லது.

---

ஸ்டோர்மேசை எழுதியது:

அந்த வாசகம் எனக்கும் வேண்டும். அதுவரை பிளேடு, ட்ரில், டேப், பிளாட் நான்கையும் மாதவாரியாகப் பிரித்த பட்டியலைப் பயிற்றுநரிடம் கையெழுத்துக்கு வைக்கிறேன். அரத்துக்கு இந்த ஆண்டு கழிவுக் குழுவை டிசம்பரிலேயே கூட்டச் சொல்லிக் குறிப்பு எழுதுகிறேன், மார்ச் கொள்முதலுக்கு முன் பழைய எண் குறைந்தாக வேண்டும்.